ஃப்ரீலான்சரை நிறுத்துகிறோம், மூல நிரல் அவரிடம்: எப்படி வாங்குவது?

பினாங்குத் தொழில்முனைவோன்: அவசரம். எங்கள் ஃப்ரீலான்ஸ் நிரலாளரின் ஒப்பந்தத்தை வெள்ளிக்கிழமை முடிக்கிறோம். நிரல், கடவுச்சொற்கள், உரிமை மூன்றையும் எழுத்தில் வாங்க மாதிரிக் கடிதம் இருக்கிறதா?

கலைவாணி: கிட்ஹப் கணக்கு யார் பெயரில்? டொமைன்? பாக்கி எவ்வளவு? அவரிடம் சொல்லிவிட்டீர்களா?

பட்டர்வொர்த் மணி: எழுதியவனுக்கே பதிப்புரிமை. அவர் கையெழுத்துப் போடாதவரை ஒரு வரிகூட உங்களுடையதல்ல. சென்னையில் என் தம்பி இப்படித்தான் மாட்டிக்கொண்டான்.

பழைய கை: கல்யாணத்துக்கு முன் கேட்க வேண்டியதை விவாகரத்தில் கேட்கிறீர்கள். இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது.

பினாங்குத் தொழில்முனைவோன்: கிட்ஹப், டொமைன் இரண்டும் அவர் பெயரில். பாக்கி 6,000 ரிங்கிட். இன்னும் சொல்லவில்லை. ஒப்பந்தம் ஒரு பக்கம்தான், உரிமை பற்றி எதுவும் இல்லை.

செல்வி: மணி அண்ணா சொல்வது இந்தியாவுக்குச் சரி. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலையை எழுதித் தரச் சொன்னவருக்கே உரிமை மாறியதாகக் கொள்கிறது. ஆனால் அவர் முன்பே எழுதி வைத்திருந்து உங்கள் செயலியில் சேர்த்த பகுதிகள் இதில் வராது. கடிதத்தில் அவற்றைப் பெயர் சொல்லிக் குறித்து, தொடர்ந்து பயன்படுத்த அனுமதி வாங்குங்கள்.

உரிமை கிடைத்தாலும் சாவி அவரிடம்தான் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் கிட்ஹப் அமைப்பு ஒன்றைத் திறந்து, நிரலை அதற்கு மாற்றித் தர அவரிடமே சொல்லுங்கள். அதற்கு முன் முழு வரலாற்றோடு ஒரு நகல் எடுங்கள்:

```
git clone --mirror <முகவரி>
```

கடவுச்சொற்கள் உள்ள `.env` கோப்பு பெரும்பாலும் அந்த நகலில் இருக்காது, தனியாகக் கேளுங்கள். அவர் தொடாத ஒரு கணினியில் செயலியை ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் இன்னும் ஏதோ அவரிடம் இருக்கிறது. கடவுச்சொற்களைக் கடைசியில் மாற்றுங்கள்.

பட்டர்வொர்த் மணி: சரி, சட்டம் வேறு. ஆனாலும் 6,000ஐப் பிடித்து வையுங்கள், தானாக வருவார்.

கலைவாணி: முடித்த வேலைக்கான கூலியைப் பிணையாக வைப்பது எந்த நியாயம்? நானும் ஃப்ரீலான்சர்தான். இப்படி வைத்தவரிடம் மூன்று மாதம் அலைந்திருக்கிறேன்.

பழைய கை: பிடிக்காவிட்டால் டொமைன் வராது.

செல்வி: ஒரே அமர்வில் கையெழுத்து, மாற்றம், பணம் மூன்றையும் முடியுங்கள், இருவருக்கும் பயமில்லை. ஒன்றைக் கேட்க மறந்தேன்: அந்த ஒரு பக்கம் யார் பெயரில்? நிறுவனம் பதிவாகும் முன் நீங்களே கொடுத்த வேலை என்றால், 26ஆம் பிரிவு உரிமையை உங்களிடம்தான் கொண்டுவரும், நிறுவனத்திடம் அல்ல. அப்போது உங்களிடமிருந்து நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் வேண்டும். அதை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பினாங்குத் தொழில்முனைவோன்: நிரல் வந்துவிட்டது, ஓடுகிறது. டொமைனைத் திங்கள் தருவதாகச் சொல்கிறார். ஒப்பந்தம் என் பெயரில்தான். என் பங்காளியிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.