பகலில் ஒன்றும் தெரியவில்லை, ராத்திரிதான் சிக்கியது

கொல்லைப்புறக் கோழி:
பொழுது சாய்ந்தால் தானாகக் கொட்டகைக்குப் போகும் கோழிகள் திடீரென்று முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. அடை கோழியும் முட்டையை விட்டு எழுந்துவிட்டது. கொண்டை வெளுத்திருந்தது. பகலில் இறகை விலக்கிப் பார்த்தால் ஒரு பூச்சி இல்லை. இரவு ஒன்பதரைக்கு மேல் டார்ச்சோடு போய், உட்காரும் மூங்கிலின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி முழுக்க ரத்தக் கோடு. கயிறு கட்டிய முடிச்சுக்குள் சாம்பல் கொட்டியது மாதிரி தூள், அதற்குள் மிளகாய் விதையைவிடச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தன.

சேவல்பிரியன்:
செள்ளுதான். அடுப்புச் சாம்பலில் வேப்பெண்ணெய் கலந்து கோழி மேல் தேய்த்துவிடுங்கள், போதும். எங்கள் வீட்டில் அப்படித்தான் போனது.

மாடிவீட்டு அக்கா:
எனக்கு ராத்திரி கழுத்தெல்லாம் அரிக்கிறது. கோழியே இல்லை, ஜன்னல் மேல் புறாக்கூடுதான் இருக்கிறது. இதுவாக இருக்குமா?

பண்ணைக்காரர்:
அக்கா, இருக்கலாம். துணியில் சிக்கியது செவ்வுண்ணி. குஞ்சு பறந்துபோன கூட்டிலிருந்து பசியில் இறங்கி மனிதரையும் கடிக்கும்.

சேவல், உங்களுக்குப் போனது பேனாக இருக்கும். பேன் கோழி மேலேயே குடியிருக்கும். பகலில் ஆசனவாய்ப் பக்கம் இறகை விலக்கினால் வைக்கோல் நிறத்தில் ஓடும், இறகின் அடியில் வெள்ளையாக முட்டை ஒட்டியிருக்கும். அதற்குக் கோழிக்கு மருந்து போட வேண்டும், இரண்டு வாரத்தில் இன்னொரு தடவையும். செவ்வுண்ணி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். குடியிருப்பது மூங்கிலில், கோழியிடம் இல்லை.

அதனால் முதலில் கோழிகளை வெளியே மாற்றுங்கள். மூங்கிலைக் கழற்றி, பழைய கயிறு, சாக்கு, கூட்டு வைக்கோல் எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். வெடித்த மூங்கிலும் அடுப்புக்குத்தான். சுவர் விரிசலைச் சுரண்டிக் கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் டெல்டாமெத்ரினைக் குப்பியில் போட்ட அளவில் கலந்து விரிசலுக்குள்ளேயே பீய்ச்சுங்கள். தீவனம், தண்ணீர்ப் பாத்திரம் உள்ளே இருக்கக் கூடாது. மருந்து உண்ணியின் முட்டையைக் கொல்லாது. வெயில் காலத்தில் ஒரு வாரத்திலேயே அடுத்த தலைமுறை தயார். ஆகவே ஏழாம் நாள் மறுபடி அடியுங்கள். அப்புறம் விரிசலைப் பூசிச் சுண்ணாம்பு அடிக்கலாம். கொட்டகையைச் சும்மா பூட்டிப் போட்டால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், ரத்தமில்லாமல் பல மாதம் தாங்கும்.

சேவல்பிரியன்:
கேஸ் பர்னரால் சுட்டுவிட்டால் மருந்தே வேண்டாமே?

பண்ணைக்காரர்:
இரும்புக் குழாய், சிமெண்ட் சுவர் என்றால் சரி. இவருடையது ஓலைக் கூரை என்றால் கொட்டகையே போய்விடும்.

கொல்லைப்புறக் கோழி:
ஓலைதான். முதல் சுற்று முடித்துவிட்டேன். மூங்கிலுக்குப் பதில் வழவழப்பான குழாய், சுவரைத் தொடாமல் நிற்கிறது. துணியில் இப்போது ஒன்றிரண்டு புள்ளிதான். மருந்துக்கடையில் ஐவர்மெக்டின் ஊசியும் போடச் சொல்கிறார்கள். போட்டால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது?

பண்ணைக்காரர்:
முட்டைக் கோழிக்கு அதைக் கடைக்காரர் பேச்சில் போடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

சேவல்பிரியன்:
நான் போட்டிருக்கிறேன், முட்டையும் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை.