ரீடார்கெட்டிங் உண்மையிலேயே விற்றுத் தருகிறதா, எப்படியும் வாங்குபவர்களைக் கணக்குக் காட்டுகிறதா? எப்படி அளப்பது?

தறி:
கார்டில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு ரீடார்கெட்டிங் விளம்பரம் ஓட்டுகிறோம். டாஷ்போர்டில் விற்பனை அமோகம். ஆனால் நடுவில் பட்ஜெட் தீர்ந்து விளம்பரம் நின்ற நாட்களில் மொத்த விற்பனை அசையவே இல்லை. விளம்பரம் பார்த்தவர்களில் 6% பேர் வாங்கியிருக்கிறார்கள், பார்க்காதவர்களில் 2%தான். இதை மூன்று மடங்கு பலன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

முகில்:
ஒரே ஆர்டர் இரண்டு தடவை பதிவாகிறதா என்று முதலில் பாருங்கள். எங்களுக்கு பிரவுசரிலிருந்து ஒன்று, சர்வரிலிருந்து ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது, `event_id` ஒன்றாக வைத்ததும் எண்ணிக்கை பாதியானது.

தறி:
அதைப் பார்த்துவிட்டேன், ஆர்டர் எண்ணோடு சரியாகப் பொருந்துகிறது. பதிவான ஆர்டர் உண்மையானதுதான், அதற்கு விளம்பரம் காரணமா என்பதுதான் கேள்வி.

கடைசிவரி:
பார்த்ததற்கெல்லாம் கிரெடிட் கொடுப்பதை நிறுத்துங்கள். கிளிக் செய்து வந்தவர்களை மட்டும் எண்ணினால் உண்மை தெரிந்துவிடும்.

எண்மகள்:
கடைசிவரி சொல்வதில் பாதி சரி, எண்ணிக்கை குறையும். ஆனால் நாளை வாங்கலாம் என்றிருந்தவர் கடைக்கு வர அந்த விளம்பரத்தையே வழியாகப் பயன்படுத்தினாலும் அது கிளிக்தான்.

தறி, உங்கள் 6%, 2% ஒப்பீடும் அதே வலையில்தான் விழுகிறது. இணையத்தில் அதிகம் உலாவுகிறவர்தான் விளம்பரத்தையும் அதிகம் பார்ப்பார், பொருளும் அதிகம் வாங்குவார். போதாததற்கு, யார் வாங்கக்கூடும் என்று கணித்து அவருக்கே காட்டுவதுதான் விளம்பர ஏலத்தின் வேலை. ஆக விளம்பரம் ஒன்றும் செய்யாவிட்டாலும் இந்த வித்தியாசம் வந்திருக்கும்.

காட்டுவதற்கு முன்பே ஆட்களைக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். கார்டில் பொருள் போட்ட நொடியிலேயே, BigQuery-யில் என்றால் இப்படி:

```sql
MOD(ABS(FARM_FINGERPRINT(CONCAT('rt1-', visitor_id))), 2)
```

0 வந்தால் ஹோல்டவுட், அவர்களை ரீடார்கெட்டிங் ஆடியன்ஸில் சேர்க்கவே கூடாது. 1 வந்தால் வழக்கம்போல. கடைசியில் விளம்பரம் பார்த்தாரா என்று கேட்காமல், குழுவில் இருக்கும் எல்லாரையும் எண்ணுங்கள், விற்பனையையும் உங்கள் ஆர்டர் அட்டவணையிலிருந்தே எடுங்கள். விளம்பரக் குழுவில் பார்த்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தீர்களானால் பழைய கோளாறு பின்வாசல் வழியாக வந்துவிடும். தொடங்கும் முன், சோதனைக்கு முந்தைய மாதத்தில் இரண்டு குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவு வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரிப்பதிலேயே ஏதோ பிசகு.

தறி *(சில வாரங்கள் கழித்து)*:
செய்தாயிற்று. குழுவுக்கு 30,000 பேர், முன்மாத விற்பனை இரண்டிலும் ஒத்துப்போனது. விளம்பரக் குழுவில் 1,260 பேர் வாங்கினார்கள், ஹோல்டவுட்டில் 1,140. இதே விளம்பரக் குழுவில் டாஷ்போர்டு தன்னால் என்று சொல்வது 700. அப்படியானால் விளம்பரம் கூடுதலாகத் தந்தது வெறும் 120தானா?

எண்மகள்:
ஆமாம், மீதி 580 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். செலவை 700ஆல் வகுத்து வந்த செலவைப் பார்த்துப் பழகியிருக்கிறீர்கள், 120ஆல் வகுத்தால் ஒரு விற்பனைக்கான செலவு கிட்டத்தட்ட ஆறு மடங்கு. ஆனால் 120ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விகிதம் 4.2%, 3.8%, வித்தியாசம் 0.4 புள்ளி. இந்த அளவு ஆட்களுக்குத் தற்செயலாகவே ஏறக்குறைய 0.3 புள்ளி இப்படியோ அப்படியோ ஆடும். எனவே உண்மையான எண் ஏறக்குறைய 26லிருந்து 214 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 214 என்றால் உங்கள் லாபத்துக்குக் கட்டுப்படியாகுமா, 26 என்றால்? இரண்டுக்கும் ஒரே முடிவு வந்தால் இப்போதே முடிவெடுக்கலாம். இல்லையென்றால் சோதனையை நீட்டுங்கள், தற்செயல் ஆட்டத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும்.

அப்புறம், விளம்பரத்தை நிறுத்திய பிறகும் இரண்டு குழுக்களையும் இன்னும் கொஞ்ச நாள் எண்ணிக்கொண்டே இருங்கள். ஹோல்டவுட் மெல்ல எட்டிப் பிடித்தால், விளம்பரம் புதிதாக விற்கவில்லை, வாங்கும் நாளை முன்னே இழுத்திருக்கிறது.

கடைசிவரி:
ஒருவரே போனில் கார்டில் போட்டுவிட்டு லேப்டாப்பில் வாங்கினால்? `visitor_id` இரண்டு, குழுவும் இரண்டாகலாமே.

எண்மகள்:
நல்ல கேள்வி. ஹோல்டவுட்டில் இருப்பவர் வேறு கருவியில் விளம்பரம் பார்த்துவிடுவார், லேப்டாப்பில் வாங்கியது எந்தக் குழுவுக்குப் போகும் என்பதும் உறுதியில்லை. குழுக்கள் கலந்தால் வித்தியாசம் சுருங்கும், ஆகவே 120 கொஞ்சம் குறைவாகவே அளந்ததாக இருக்கலாம். லாகின் செய்தவர்களை மட்டும் தனியே பார்த்தால் ஓரளவு தெரியும், ஆனால் அவர்கள் பழைய வாடிக்கையாளர்களாக இருப்பார்கள். எவ்வளவு கசிந்தது என்று துல்லியமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

தறி:
லாகின் ஆட்களைத் தனியே பிரித்து இங்கே போடுகிறேன். இன்னொன்று, கார்ட் நினைவூட்டல் மின்னஞ்சல் இரண்டு குழுக்களுக்கும் போனது. அது கணக்கைக் கெடுக்குமா?

எண்மகள்:
கெடுக்காது. மின்னஞ்சல் போய்க்கொண்டிருக்கும்போது விளம்பரம் மேற்கொண்டு எவ்வளவு தருகிறது என்பதைத்தான் அளந்திருக்கிறீர்கள். மின்னஞ்சலை நிறுத்தினால் இந்த எண் செல்லாது, மறுபடி சோதிக்க வேண்டியதுதான்.