பொருள்: "செய்", "செய்யாதே" இரண்டுக்கும் கலைச்சொல் தேவை

கயல்விழி:
நண்பர்களே, மொழி மாதிரிகளுக்குக் கட்டளை எழுதும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'இன்னது செய்' என்னும் வரிக்கு ஒரு சொல்லும் 'இன்னது செய்யாதே' என்னும் வரிக்கு ஒரு சொல்லும் வேண்டும். முதல் வகையே நன்றாக வேலை செய்யும் என்பதுதான் அத்தியாயத்தின் வாதம். இப்போதைக்கு 'நேர்மறை அறிவுறுத்தல்' என்று வைத்திருக்கிறேன். அதைப் படித்தவர்கள், மாதிரியிடம் அன்பாகப் பேசச் சொல்கிறோம் என்று புரிந்துகொள்கிறார்கள்.

அறவாழி:
விதி, விலக்கு. "விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும்" என்று பரிமேலழகர் உரைப்பாயிரத்திலேயே இந்த இணை இருக்கிறது. விலகு தன்வினை, விலக்கு பிறவினை. நீங்கு, நீக்கு போல. ஒரு பொருள் தானாக விலகுவதில்லை, நாம் விலக்குகிறோம் என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

பொன்னி:
ஐயா, விதி வடசொல். விலக்கு தமிழ்தான், ஆனால் வழக்கில் இரண்டாகக் கிடக்கிறது. மதுவிலக்கு என்றால் மது கூடாது. வரிவிலக்கு என்றால் வரி வேண்டாம். ஆத்திசூடியில் 'கரவேல்', 'விலக்கேல்' என்று வரும் ஏல் ஈற்றைக் கொண்டு 'ஏலுரை' என்று ஆக்கலாமே?

முகிலன்:
ஏலுரை என்றால் ஏலம் விடுகிறார்கள் என்று நினைப்பார்கள். எனக்கு அத்தியாயத்தின் வாதத்தின் மீதே ஐயம். படம் வரையும் மாதிரியான ஸ்டேபிள் டிஃப்யூஷனில் Negative prompt என்றே ஒரு பெட்டி இருக்கிறது. அதில் 'மங்கல்' என்று எழுதினால் படம் தெளிவாகிறது. தடுப்பதும் பலிக்கிறதே?

தேன்மொழி:
பலிக்கிறது, ஆனால் அது வேறு பொறி. அந்தப் பெட்டியில் எழுதுவதை மாதிரி ஒரு கட்டளையாகப் படிப்பதில்லை. படம் உருவாகும் ஒவ்வொரு படியிலும் இரண்டு கணிப்புகள் எடுத்து, பெட்டியில் உள்ளதிலிருந்து விலகும் திசையில் படத்தைத் தள்ளுகிறார்கள். அது வெறும் கழித்தல் கணக்கு. அதே படமாதிரியின் முதன்மைப் பெட்டியில் 'யானை இல்லாத காடு' என்று எழுதிப் பாருங்கள், பல நேரம் யானை வந்து நிற்கும்.

உரை மாதிரிக்குக் கழிக்கும் பெட்டி கிடையாது. தடுத்த சொல்லும் மற்றச் சொற்களோடு ஒரே வரிசையில்தான் உள்ளே போகிறது, அதன் பக்கம் கவனத்தை இழுக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், தடை ஒரு வழியை மட்டுமே அடைக்கிறது, போகவேண்டிய இடத்தைச் சொல்வதில்லை என்பது.

விவசாயிகளுக்குத் தொலைபேசிக் குரலில் பதில் சொல்லும் சேவையை எடுத்துக்கொள்வோம். 'புல்லட் போடாதே, நீளமாக எழுதாதே, "நிச்சயமாக" என்று தொடங்காதே' என்று கொடுத்தால் புல்லட் போய் 1, 2, 3 வரும். அதையும் தடுத்தால் தடித்த தலைப்புகள் வரும். 'நிச்சயமாக' போன இடத்தில் 'நல்ல கேள்வி' வந்து உட்காரும். பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

```
பதில் தொலைபேசியில் குரலாக வாசிக்கப்படும்.
முதல் வாக்கியத்திலேயே விடையைச் சொல்.
மொத்தம் மூன்று வாக்கியம், பேசுவது போல.
எண்களைச் சொல்லால் எழுது: இருநூற்றைம்பது.
```

முதல் வரி காரணத்தைச் சொல்கிறது. அதனால் நாம் எண்ணிப் பார்க்காத அட்டவணை, அடைப்புக்குறி, இணைய முகவரி ஆகியவற்றையும் மாதிரி பெரும்பாலும் தானே தவிர்க்கும்.

ஒரு தடை கெடுக்கிறதா என்று அறிய, அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு அதே 20 கேள்விகளை மறுபடி ஓட்டுங்கள். வரி இருக்கும்போது தடுத்த சொல் கூடுதலாக வந்தால் அந்த வரியே காரணம். ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள், விடை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும்.

அறவாழி:
அப்படியானால் விலக்கே கூடாதா? பூச்சிமருந்தின் அளவைச் சொல்லக்கூடாது என்பதை எப்படி 'செய்' என்று மாற்றுவீர்கள்?

தேன்மொழி:
முழுதாக மாற்ற வேண்டாம், ஐயா. அங்கே தடை இருக்கத்தான் வேண்டும், ஆனால் கையோடு மாற்றுவழியும் வேண்டும்: 'மருந்தளவு சொல்லாதே, கேட்டால் வேளாண் அலுவலரை அணுகச் சொல்.' இரண்டாம் பாதி இல்லாவிட்டால் மாதிரி மழுப்பும், அல்லது 'கொஞ்சமாகத் தெளியுங்கள்' என்று தோராயமாக எதையாவது சொல்லிவைக்கும். அது இன்னும் ஆபத்து. இப்படிப்பட்ட தடைகள் இரண்டு மூன்றோடு நின்றால் அவற்றுக்கு மதிப்பும் இருக்கும்.

யாழினி:
இலங்கையில் 'அமைச்சர் பணிப்புரை விடுத்தார்' என்றுதான் செய்திகளில் வரும். பணிப்புரை, தடையுரை என்று வைத்தால் என்ன? பணித்தல் தமிழ்ச்சொல், பொன்னி அக்காவும் ஏற்பார்.

பொன்னி:
ஏற்கிறேன். ஏலுரையை விட்டுவிடுகிறேன்.

முகிலன்:
பணிப்புரை சரி. ஆனால் படமாதிரியின் பெட்டிக்கும் தடையுரை என்று வைத்துவிடாதீர்கள். தேன்மொழி சொன்னபடி அது உரையே அல்ல, கழித்தல். அதற்குக் 'கழிப்புச்சொல்' என்று தனியாக ஒன்று வேண்டும்.

கயல்விழி:
பணிப்புரை, தடையுரை என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். கழிப்புச்சொல்லை அடுத்த பதிப்பில் பார்ப்போம். கழிப்பறை நினைவு வருகிறது என்று இங்கே இருவர் முகம் சுளிக்கிறார்கள்.

அறவாழி:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். பணிப்புரை என்றால் தமிழ்நாட்டில் பணி ஆணை என்று படிப்பார்கள். தேன்மொழி சொன்ன மருந்தளவு வரி பணிப்புரையா, தடையுரையா? இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன. அதற்கு உங்கள் கையேட்டில் சொல்லே இல்லை.