பவர்டு ஹப்: கையேட்டில் என்ன பெயர் போடுவது?

மாலதி, யீஷூன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சமூக மன்றத்தில் மூத்தோருக்கான கைப்பேசிக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பழைய குடும்பப் படங்கள் உள்ள ஹார்ட் டிஸ்கைக் கைப்பேசியில் செருகிப் பார்ப்பது அதில் ஒரு பாடம். பென் டிரைவ் என்றால் உடனே தெரிகிறது. டிஸ்க் என்றால் விளக்கு எரியும், உள்ளே ஏதோ சுழலத் தொடங்கும், 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. மறுபடி முதலிலிருந்து. நடுவில் பவர்டு ஹப், அதாவது தனி அடாப்டரோடு வரும் யூஎஸ்பி இணைப்புப் பெட்டி, வைத்தால் சரியாகிவிடுகிறது. அந்த ஹப்புக்குப் பழைய வரைவில் 'மின்னூட்டு மையம்' என்று பெயர் இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு என்ன சொல்லலாம்?

ரவி, ஜூரோங்

'மின்பெருக்கி' என்று வைக்கலாம் அக்கா. ஃபோன் பேட்டரி கிட்டத்தட்ட 3.7 வோல்ட்தான். டிஸ்குக்கு 5 வோல்ட் வேண்டும். ஹப் அதை ஏற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அன்வர், பிடோக்

> ஹப் அதை ஏற்றிக் கொடுக்கிறது

ரவி, பேட்டரி பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்த வேலையை ஃபோனே செய்துவிடுகிறது. உள்ளே ஒரு சர்க்யூட் 3.7-ஐ 5 வோல்ட்டாக ஏற்றித்தான் துளைக்கு அனுப்புகிறது. பென் டிரைவ் வேலை செய்வதே அதனால்தானே. குறைவது வோல்ட் இல்லை, ஆம்பியர்.

ரிப்பேர் மேசையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் கொண்டுவந்த 2.5 அங்குல டிஸ்கின் அடியில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. சுழன்று நிலைத்துவிட்டால் அதில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். தொடங்கும் அந்த ஓரிரு வினாடிகளுக்குத்தான் முழுசும் வேண்டும். சுழலும் மோட்டர் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, தனக்குள் பாயும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்திக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கும் மோட்டருக்கு அந்தத் தடுப்பு இல்லை. தட்டுகளை நிமிடத்துக்கு 5400 சுற்றுவரை கொண்டுபோகவும் வேண்டும்.

அவருடைய ஃபோன் தந்தது அரை ஆம்பியர் அளவு. இடையில் ஒரு யூஎஸ்பி மீட்டர் வைத்துப் பார்த்தேன். மோட்டர் இழுத்ததும் 5 வோல்ட் சரிந்தது, ஃபோன் இணைப்பைத் துண்டித்தது. டிஸ்க் அடங்கியதும் ஃபோன் மறுபடி மின்சாரம் விட்டது, மறுபடி அதே கதை. மாலதி அக்கா கேட்கும் 'டிக்' அந்தச் சுற்றுதான். சில ஃபோன்கள் 'இணைத்த கருவி அதிக மின்சாரம் எடுக்கிறது' என்று திரையிலேயே சொல்லும். பல ஃபோன்கள் வாயே திறக்காது.

பவர்டு ஹப்பில் டிஸ்குக்கான மின்சாரம் சுவரிலிருந்து, ஹப்பின் அடாப்டர் வழியாக வருகிறது. ஃபோனுக்கும் டிஸ்குக்கும் நடுவே தரவு மட்டும்தான் போகிறது. அதனால் பெருக்கல் எதுவும் நடப்பதில்லை. 'மின்பெருக்கி' என்று எழுதினால், அடாப்டர் இல்லாத நாலு துளை ஹப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதில் போட்டால் நிலைமை இன்னும் மோசம், ஃபோனின் அதே அரை ஆம்பியரில் ஹப்பும் பங்கு கேட்கும்.

சரோஜா, தோ பாயோ

என் வீட்டிலும் இதே தொல்லைதான். டிஸ்க் நன்றாகவே சுற்றுகிறது, கையில் அதிர்வு தெரிகிறது. ஆனால் ஃபோன் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கிறது. நானும் இந்த ஹப்பை வாங்கவேண்டுமா? மகளின் கல்யாணப் படமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அன்வர்

சரோஜா அக்கா, தயவுசெய்து ஃபார்மட்டை அழுத்தாதீர்கள், எல்லாம் போய்விடும். ஹப்பும் வாங்கவேண்டாம். சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் மின்சாரம் போதுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் உங்கள் டிஸ்க் விண்டோஸ் கணினிகளின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் இருக்கும், அதைப் படிக்காத ஆண்ட்ராய்டு ஃபோன்கள் உண்டு. கணினியில் செருகி, படங்கள் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எக்ஸ்ஃபேட் என்ற வேறு கோப்பு முறைக்கு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

கதிர், பொங்கோல்

பெயருக்கு வருவோம். 'தன்மின் குவியம்' எப்படி? தன் மின்சாரத்தைத் தானே கொண்டுவருவது தன்மின். ஃபோனையே நம்பியிருப்பதைச் 'சார்மின்' எனலாம். யூஎஸ்பி தரத்திலேயே இந்தப் பாகுபாடு இருக்கிறது. லினக்ஸில் `lsusb -v` என்று கேட்டால் ஹப்பே சொல்லும்:

```
bmAttributes         0xe0
  Self Powered
  Remote Wakeup
```

மாலதி

தன்மின் பிடித்திருக்கிறது. குவியம் வேண்டாம், எங்கள் வகுப்பில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், லென்ஸ் எங்கே என்று கேட்பார். ஹப் என்பது ஹப்பாகவே இருக்கட்டும்.

அன்வர்

கதிர், அந்த வரியை அப்படியே நம்பவேண்டாம். அடாப்டரே இல்லாத மலிவு ஹப்புகளும் தங்களைத் தன்மின் என்று அறிவித்துக்கொள்ளும். அடாப்டருக்குத் துளை இருக்கிறதா, அடாப்டர் கூடவே வருகிறதா, அதில் எத்தனை ஆம்பியர் எழுதியிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதுதான் வழி. 5 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் ஒரு டிஸ்குக்குத் தாராளம். இரண்டு டிஸ்கை ஒரே நேரத்தில் கிளப்பினால் இழுபறிதான், ஒன்று நிலைத்தபின் மற்றதைச் செருகவேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தட்டைப் பின் அடாப்டர் வரலாம். இங்கே சிங்கப்பூரில் சுவரில் மூன்று பின் என்பதால், நம் ஊர் பாதுகாப்பு முத்திரை உள்ள அடாப்டரோடு வாங்குவதே நல்லது.

எனக்குத் 'தன்மின்'னைவிடத் 'தனிமின்' பிடிக்கிறது. ஹப் எதையும் உற்பத்தி செய்வதில்லை, தனியாக ஒரு மின்வழி வைத்திருக்கிறது. சோலார் விளக்கைத் தன்மின் என்றால் ஒத்துக்கொள்வேன்.

கதிர்

ஓர் எழுத்துக்கு இவ்வளவா! ஆனால் 'தனிமின்' என்றால் தனித்து நிற்கிறது என்றும் படுமே.

ரவி

சரி, பெருக்கியை விட்டுவிடுகிறேன். வேறு ஒன்று கேட்கிறேன். என் டைப்-சி ஹப்பில் சார்ஜரைச் செருகினால் டிஸ்கும் ஓடுகிறது, ஃபோனும் சார்ஜ் ஆகிறது. இது தனிமின்னா, மின்னூட்டா? மாலதி அக்காவின் பழைய பெயர் இதற்குப் பொருந்துகிறதே.

அன்வர்

நல்ல கேள்வி. சாதாரண பவர்டு ஹப் பெரும்பாலும் ஃபோனை சார்ஜ் செய்யாது. நீண்ட நகல் வேலையில் ஃபோன் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். நீங்கள் சொல்வது இரண்டையும் செய்கிறது. ஆனால் படம் நகலாகிக்கொண்டிருக்கும்போது அதன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள் (வேண்டாம், சும்மா சொன்னேன்). மின்சாரம் யார் தருவது என்று ஃபோனும் ஹப்பும் மறுபடி பேசி முடிவெடுக்கும் இடைவெளியில் டிஸ்க் துண்டிக்கப்படலாம், கோப்பு பாதியில் கெடலாம். திரும்பச் செருகும்போதும் அதே ஆபத்து உண்டு. கையேட்டில் பெயர் எதுவானாலும், 'முதலில் சார்ஜர், பிறகு டிஸ்க், கடைசியில் ஃபோன். கழற்றும்போது முதலில் திரையில் வெளியேற்று' என்று ஒரு வரி இருக்கட்டும். சில ஹப்புகள் ஃபோனைச் செருகும்வரை டிஸ்குக்கு மின்சாரமே விடாது, அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம் என்றும் சேர்த்துவிடுங்கள்.

மாலதி

அந்த வரிகளை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பதிப்பில் 'தனிமின் ஹப்' என்று போட்டு, பக்கத்தில் அடாப்டரோடு ஒரு படம் வைக்கிறேன். ரவியின் டைப்-சி ஹப்பையும் அதே பெயரில் அடக்கலாமா, வேறு பெயர் வேண்டுமா? கதிர், உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

கதிர்

'ஊடுமின் ஹப்'? மின்சாரம் ஊடே போய் ஃபோனையும் சேர்வதால்.

சரோஜா

கணினியில் படங்கள் தெரிகின்றன! ஊடுமின் என்றால் ஷாக் அடிக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.