ஸ்பானிங் ட்ரீ இருந்தும் நெட்வேர்க் விழுந்தது: லூப், ரூட் பிரிட்ஜ் அனுபவங்கள்

வாவிக்கரை

மட்டக்களப்பு டவுனில் ஒரு கந்தோரின் நெட்வேர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். போன கிழமை மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் வந்து உட்காரும் நேரம், முழுதும் படுத்துவிட்டது. இன்டர்நெட் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, பக்கத்து அறைப் பிரிண்டருக்கே பிங் போகவில்லை. ராக்கைத் திறந்தால், கேபிள் செருகிய போர்ட் எல்லாவற்றிலும் பச்சை லைட் ஒரே வேகத்தில் விடாமல் மின்னுகிறது. கன்சோலில் ஏதாவது அடித்தால் எழுத்து ஒவ்வொன்றாக ஊர்ந்து வருகிறது.

கீழ்மாடிக்குப் போகும் கேபிளைக் கழற்றியதும் மேல்மாடி உயிர் பெற்றது. கீழே தேடிப் பார்த்தால், கணக்குப் பிரிவில் மேசைக்கடியில் கிடந்த 8 போர்ட் குட்டிச் சுவிட்சில் ஒரே கேபிளின் இரண்டு முனையும் செருகியிருக்கிறது. கூட்டித் துடைக்க வந்தவர், தொங்கிக் கிடந்த முனை கழன்றுவிட்டதாக்கும் என்று நினைத்துச் செருகியிருக்கிறார். அவரில் பிழை இல்லை.

என் கேள்வி இதுதான். ராக்கில் இருக்கும் சுவிட்ச்களில் ஸ்பானிங் ட்ரீ ஓடுகிறது. லூப்பைத் தடுக்கத்தானே அது? பிறகு எப்படி விழுந்தது? இப்படி அகப்பட்டவர்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றுப் பொடியன்

எங்களுக்கும் இப்படித்தான் அண்ணன். `tracert` அடித்தால் இரண்டே இரண்டு ஐபி மாறி மாறி வரும், 30 வரி போய் நின்றுவிடும். இணைப்புத் தந்தவர்களுக்கு அறிவித்தோம், அவர்கள் ஏதோ ரூட்டை மாற்றினார்கள், சரி வந்துவிட்டது. உங்கள் ரவுட்டரையும் ஒருக்கால் பாருங்கள்.

கோட்டைமுனை

தம்பி, நீங்கள் கண்டது ரவுட்டர்களுக்கு நடுவில் வரும் லூப். ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூச்சியம் ஆனதும் தூக்கிப் போட்டுவிடும். அதனால் அந்த லூப்பில் சிக்கிய பாக்கெட்டுக்கு ஆயுள் முடிவு உண்டு. சுவிட்ச்களுக்கு நடுவே ஓடும் ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை. சுற்றத் தொடங்கினால், யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும்.

வாவிக்கரை, உங்கள் மேசைக்கடியில் நடந்ததைப் பார்ப்போம். யாரோ ஒருவரின் கணினி கேட்வேயைத் தேடி ஓர் ஏஆர்பி கேள்வி விடுகிறது. அது பிராட்காஸ்ட், எல்லாப் போர்ட்டுக்கும் போக வேண்டியது. குட்டிச் சுவிட்ச் அதை லூப் கேபிளின் இரண்டு முனை வழியாகவும் அனுப்பும். இந்த முனையில் போனது அந்த முனையால் உள்ளே வரும், அந்த முனையில் போனது இந்த முனையால் வரும். வந்தது புதிய பிராட்காஸ்ட் என்று நினைத்து மறுபடியும் எல்லாப் பக்கமும் அனுப்பும். ஒவ்வொரு சுற்றிலும் மேலே உங்கள் ராக்குக்கும் ஒரு பிரதி போகிறது. 100 மெகாபிட் இணைப்பில் ஆகச் சிறிய ஃபிரேம்கள் வினாடிக்கு 148,000க்கு மேல் ஓடலாம். அத்தனையையும் ஒவ்வொரு கணினியும் வாங்கிப் பார்க்க வேண்டும். பிரிண்டர் எப்படிப் பதில் சொல்லும்?

இதைவிட மோசமானது இன்னொன்று. கேட்வே விட்ட பிராட்காஸ்டும் அந்த லூப்பில் சிக்கி, கீழ்மாடிப் பக்கமிருந்து திரும்பி வரும். ராக் சுவிட்ச், அனுப்பியவரின் மேக் முகவரியைப் பார்த்து, ‘ஓ, கேட்வே இப்போது கீழ்மாடியில் இருக்கிறது’ என்று தன் அட்டவணையை மாற்றி எழுதும். அடுத்த கணம் கேட்வே உண்மையான போர்ட்டில் பேசினால் திருப்பி எழுதும். லாக் எடுத்துப் பாருங்கள், சிஸ்கோவாக இருந்தால் இப்படி வரிகள் கிடக்கும்:

```
%SW_MATM-4-MACFLAP_NOTIF: Host 70db.98aa.1001 in vlan 1 is flapping between port Gi0/1 and port Gi0/8
```

லூப் எந்தப் பக்கம் என்று இதில் வரும் இரண்டு போர்ட்டுமே காட்டிக் கொடுக்கும். நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான், லைட்டைப் பார்த்து ஊகிப்பது பிறகு.

ஸ்பானிங் ட்ரீ ஏன் தடுக்கவில்லை என்றால், அதன் கண்ணுக்கு லூப் தெரியவில்லை. இரண்டு வழி இருந்தால் ஒன்றை மூடுவது அதன் வேலை. உங்கள் ராக் சுவிட்சுக்குக் கீழே போவது ஒரேயொரு கேபிள். லூப் முழுக்கக் குட்டிச் சுவிட்சின் வயிற்றுக்குள். அதற்கோ ஸ்பானிங் ட்ரீ என்றால் என்னவென்றே தெரியாது.

கல்முனை நெட்

நல்ல விளக்கம். ஆனால் நான் பார்த்தவரையில், நடுவில் ஒரு நல்ல பெரிய சுவிட்ச் இருந்தால் அதுவே தானாக ரூட் பிரிட்ஜ், அதாவது ஸ்பானிங் ட்ரீ எல்லா வழியையும் கணக்குப் பார்க்கும் தலைமைச் சுவிட்ச் ஆகிவிடும். ரூட் பலமாக இருந்தால் மற்றவை ஒழுங்காக அடங்கும். நாங்கள் ஒன்றும் செற் பண்ணுவதில்லை, வருடக்கணக்காக ஓடுகிறது.

உகந்தை

தானாக ஒன்று ரூட் ஆகும் என்பது சரி. பெரியதுதான் ஆகும் என்பது சரியில்லை. அம்பாறை மாவட்டத்தில் ஓர் இடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம்.

மூன்று சுவிட்ச், முக்கோணமாக இணைத்திருந்தார்கள். சேர்வர் அறையில் A, பக்கத்துக் கட்டிடத்தில் B, இரண்டும் புதிது, நடுவில் கிகாபிட் இணைப்பு. மாடியில் ஸ்டோர் அறையில் C, பழைய 100 மெகாபிட். ஒரு கேபிள் போனாலும் ஓடட்டும் என்று A, B இரண்டிலிருந்தும் C-க்குக் கேபிள். முறைப்பாடு என்னவென்றால், B கட்டிடத்திலிருந்து சேர்வரில் ஃபைல் திறக்க யுகம் ஆகிறது. கிகாபிட் கேபிளைச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. A-யில் போய் `show spanning-tree vlan 1` அடித்தேன்:

```
Root ID    Priority    32769
           Address     000b.be12.4400
           Cost        19
           Port        24 (GigabitEthernet0/24)
```

அந்த முகவரி ஸ்டோர் அறைப் பழசினுடையது!

காரணம் எளிது. சுவிட்ச் எழும்பும்போது ஒவ்வொன்றும் ‘நான்தான் ரூட்’ என்று சொல்லிக்கொண்டு 2 வினாடிக்கு ஒரு தடவை பிபிடியு என்ற அறிவிப்பு ஃபிரேமை அனுப்பும். தன்னுடையதைவிடச் சிறிய அடையாள எண் காதில் விழுந்தால், தன் கோரிக்கையை விட்டுவிட்டு அதை ரூட் என்று ஏற்றுக்கொள்ளும். அந்த எண்ணில் முதலில் பார்ப்பது பிரயாரிட்டி. யாரும் கை வைக்காவிட்டால் எல்லாவற்றிலும் 32768. மேலே 32769 என்று தெரிவது விலான் எண் 1-ஐயும் கூட்டிக் காட்டுவதால். பிரயாரிட்டி சமம் என்றால் மேக் முகவரி, சிறியது வெல்லும். பழைய சுவிட்ச்களின் முகவரி பெரும்பாலும் 00 என்று தொடங்கும். ஆகவே கல்முனை அண்ணன், ஒன்றும் செற் பண்ணாமல் விட்டால் அனேகமாகப் பழசுதான் தலைமை எடுக்கும். வேகம், விலை, போர்ட் எண்ணிக்கை எதையும் அது பார்ப்பதில்லை.

பிறகு நடப்பதைக் கேளுங்கள். 100 மெகாபிட் கேபிளுக்கு வழிச்செலவு 19, கிகாபிட்டுக்கு 4. A-யிலிருந்து ரூட்டான C-க்கு நேராகப் போனால் 19, B வழியாகச் சுற்றினால் 4+19, அதாவது 23. A நேர்வழியை எடுத்தது. B-யும் அப்படியே. மிஞ்சியது A–B கிகாபிட் கேபிள். அதன் இரு முனையிலும் செலவு 19, சமம். B-யின் மேக் சிறியதாக இருந்ததால் B பக்கம் திறந்திருக்க, A தன் முனையை மூடிவிட்டது. மூன்றிலும் நல்ல கேபிள்தான் மூடப்பட்டது. B கட்டிடத்தின் ஃபைல் எல்லாம் மாடி ஏறி, பழைய சுவிட்சுக்குள் நுழைந்து, இறங்கி சேர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது.

A-யில் ஒரு வரி, B-யில் ஒரு வரி:

```
A(config)# spanning-tree vlan 1 priority 4096
B(config)# spanning-tree vlan 1 priority 8192
```

A ரூட் ஆனது, A இல்லாத நேரம் B. இப்போது மூடியிருப்பது C-யிலிருந்து B-க்குப் போகும் கேபிளின் C முனை. அதுதான் மூடவேண்டிய இடம்.

அக்கரைப்பற்றுப் பொடியன்

அக்கா, அந்த 4096 என்பதற்குப் பதிலாக 1 போட்டால் இன்னும் நல்லதல்லவா?

உகந்தை

ஏற்காது தம்பி. 4096-இன் மடங்குகள் மட்டும்தான், 0 உட்பட. 0-ஐ நான் போடுவதில்லை. நாளைக்கு வேறொன்றை அதற்கு மேலே வைக்க வேண்டி வந்தால் இடம் இருக்காது.

கோட்டைமுனை

இதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், எங்கள் பக்கம் மாரியில் அடிக்கடி நடப்பது. ரூட் ஆகிவிட்ட பழசுக்கு யூபிஎஸ் இருக்காது, ஸ்டோர் அறைதானே. கரண்ட் ஒரு வெட்டு வெட்டினால் அது மட்டும் அணையும். மற்ற சுவிட்ச்களும் கணினிகளும் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் நெட்வேர்க் நின்றுவிடும். பழைய 802.1D முறையில் புதிய ரூட்டைத் தீர்மானித்துப் போர்ட்டைத் திறக்க 30 முதல் 50 வினாடி பிடிக்கும். கரண்ட் வந்து பழசு எழும்பியதும் ‘என் எண்தான் சிறியது’ என்று தலைமையைத் திரும்பப் பறிக்கும். மறுபடியும் ஓர் அரை நிமிடம். கரண்ட் வெட்டியபோது ஒன்று, அது வந்து சில நிமிடத்தில் இன்னொன்று என்று இரண்டு தடவை நின்றால் நான் முதலில் ரூட் எது என்றுதான் பார்ப்பேன். ராபிட் ஸ்பானிங் ட்ரீ போட்டால் இது ஓரிரு வினாடிக்குள் முடியும். ஆனால் பழசுக்கு அந்த முறை தெரியாவிட்டால், அதை நோக்கிய போர்ட்கள் பழைய முறைக்கே இறங்கிவிடும்.

கல்முனை நெட்

சரி, இப்போதுதான் எங்கள் ராக்கில் பார்த்தேன். ரூட் எங்கள் பெரிய சுவிட்ச்தான்! ஆனால் பிரயாரிட்டி 32769 என்றே இருக்கிறது. மேக் அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது போல. 4096 போட்டுவிடுகிறேன், கந்தோர் மூடிய பிறகு.

சரி, வாவிக்கரையின் மேசைக்கடிக்கு என்ன வழி? அதற்கு இன்னும் பதில் வரவில்லையே.

கோட்டைமுனை

ஆட்கள் இருக்கும் போர்ட்களில் இதைப் போடுங்கள்:

```
interface range Gi0/2 - 20
 spanning-tree portfast
 spanning-tree bpduguard enable
 storm-control broadcast level 1.00
 storm-control action shutdown
```

குட்டிச் சுவிட்ச் பிபிடியுவைக் கடத்தும் ரகமாக இருந்தால், ராக் விட்ட பிபிடியு லூப்பில் சுற்றி அதே போர்ட்டுக்குத் திரும்பும். `bpduguard` அதைக் கண்டதும் போர்ட்டை மூடிவிடும். விழுங்கும் ரகமும் உண்டு. அப்போது திரும்பி வர ஒன்றுமில்லை, `storm-control` மட்டும்தான் காப்பாற்றும். இரண்டும் வேண்டும் என்பது அதனால்தான்.

உகந்தை

`action shutdown`-இல் எனக்கு உடன்பாடில்லை. காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கணினி போடும்போது ஒரு போர்ட் சும்மா மூடிக்கொண்டால், ஆள் போய்த் திறக்க வேண்டும். நான் அந்த வரி இல்லாமல் வைக்கிறேன். வரம்பைத் தாண்டிய பிராட்காஸ்ட் மட்டும் வெட்டுப்படும், போர்ட் திறந்தே இருக்கும்.

கோட்டைமுனை

வெட்டுப்பட்டாலும் லூப் கிடக்கும், அந்த மேசைக்காரருக்கு நெட்வேர்க் இராது, உங்களுக்கும் தெரியவராது. மூடினால் அவர் உடனே கோல் எடுப்பார். எனக்கு அது வசதி.

வாவிக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஆட்கள் போன பிறகு அந்தக் குட்டிச் சுவிட்சில் வேண்டுமென்றே லூப் போட்டுப் பார்த்தேன். `bpduguard` அசையவில்லை, `storm-control`தான் போர்ட்டை மூடியது. ஆகவே விழுங்கும் ரகம்.

அதோடு என் ரூட் எது என்றும் தேடினேன். `Root ID`-இல் உள்ள முகவரி ராக்கில் எதற்கும் சொந்தமில்லை. காட்டிய போர்ட்டின் கேபிளைப் பிடித்துக்கொண்டு போனால், சிசிடிவி பூட்டியவர்கள் வாசல் பக்கம் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போன சுவிட்ச். அதன் பாஸ்வேர்ட் எங்களிடம் இல்லை. ராக் சுவிட்சுக்கு 4096 கொடுத்துவிட்டேன், அந்தப் பக்கமிருந்து யாரும் ரூட் ஆகாமல் தடுக்க அந்தப் போர்ட்டில் `spanning-tree guard root` போடலாமா என்று யோசிக்கிறேன். போட்டால் கமரா படம் நின்றுபோகுமா, யாரும் செய்து பார்த்திருக்கிறீர்களா?

உகந்தை

அதன் பிரயாரிட்டி 4096-ஐவிடப் பெரியதாக இருக்கும்வரை நிற்காது. யாராவது வந்து அதில் 0 போட்டால் நிற்கும்.