பொருள்: வாசிகசாலைக் கூரைக் காசு – சுதனின் 1500 எங்கே?

எழுதியவர்: சிவம் (லண்டன்)

அனைவருக்கும் வணக்கம்.

குகன் அனுப்பிய வரவுப் பட்டியலில் சுதனின் பெயர் இல்லை. சுதனோ சனிக்கிழமையே 1500 அனுப்பிவிட்டதாக எழுதி, பற்றுச்சீட்டு என்று ஒரு இணைப்பையும் போட்டிருந்தார். கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் திறந்து பார்த்தேன். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

```
Status:           Success
From:             0x4D0c...a77E
To:               Tether: USDT Stablecoin
Value:            0 ETH
Transaction Fee:  0.000505576 ETH
```

பெறுநர் குகன் இல்லை, Tether என்று யாரோ. தொகை பூச்சியம். ஆனால் கட்டணம் மட்டும் எடுத்திருக்கிறார்கள். அதற்குமேல் 7,000 சொச்சம் Block Confirmations என்று இருக்கிறது. அந்த ஏழாயிரம் பேர் யார்? நம் சங்கத்தில் அங்கத்தவர்களே 112 பேர்தான்.

தேர்க் கணக்கில் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன். யாரையும் குறிப்பிடவில்லை.

எழுதியவர்: ராணி (சிட்னி)

போன மாதம் போனபோது என் கண்ணால் பார்த்தேன். மேற்குப் பக்க ஓடு சரிந்து, மழைத் தண்ணீர் பத்திரிகை மேசைக்கு மேல் நேராக விழுகிறது. அதே மேசையில்தான் நாங்கள் ஒளித்து ஒளித்துத் தொடர்கதை வாசித்தோம். மாரி தொடங்க முன்னம் ஏதாவது செய்யுங்கள். காசு எந்த வழியில் வந்தால் என்ன?

எழுதியவர்: சுதன் (டுபாய்)

சிவம் மாமா, Success என்று பச்சையில் போட்டிருக்கிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்குச் சம்பளத்தில் பாதி இந்தக் காசாகத்தான் வருகிறது. மார்ச்சில் இதே வழியில் குகன் அண்ணாவுக்கு 200 அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது. வாசிகசாலை நிற்கிற காணியே எங்கள் அப்பப்பா எழுதிக் கொடுத்தது. ஆயிரத்தைந்நூறுக்காக அந்தக் குடும்பத்தைச் சந்தேகப்பட வேண்டாம்.

எழுதியவர்: ரமேஷ் (பாரிஸ்)

எனக்கு இதில் அனுபவம் உண்டு. To என்ற இடத்தில் நாணயத்தின் ஒப்பந்த முகவரி வந்தால் காசு அதற்குள்ளேயே விழுந்துவிட்டது என்று பொருள், எடுக்கவே முடியாது. என் சிநேகிதன் ஒருவன் அப்படித்தான் இழந்தான். ஒருவேளை அப்படி இல்லாவிட்டால், confirmations இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது, ஏறி முடிய வந்து சேரும். பொறுங்கள்.

எழுதியவர்: வதனி (ஒஸ்லோ)

ரமேஷ் அண்ணா சொன்ன விபத்து நடப்பதுதான், ஆனால் இது அது இல்லை. சிவம் மாமா, நீங்கள் எழுதிய வரிகளெல்லாம் சரி. ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

சுதன் போட்ட இணைப்பு காட்டுவது எத்தேரியம் என்ற பொதுப் பேரேட்டின் ஒரு வரி. சுதன் அனுப்பியது அந்தப் பேரேட்டின் சொந்த நாணயமான ஈதர் இல்லை, டொலருக்கு ஈடாக ஓடும் USDT. அந்த USDT கணக்கு முழுவதும் ஒரே ஒரு கணினி நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கிறது: இந்த முகவரிக்கு இவ்வளவு, அந்த முகவரிக்கு அவ்வளவு என்று. ஆகவே சுதன் குகன் அண்ணாவிடம் நேரே போகவில்லை. கணக்கப்பிள்ளையிடம் போய், "என் பெயரில் இருப்பதில் 1500ஐக் குறைத்து இன்னாருக்கு ஏற்று" என்று சொல்லியிருக்கிறார். To என்பது அந்தக் கணக்கப்பிள்ளை. அவரிடம் ஈதர் எதுவும் கொடுக்கவில்லை, அதனால்தான் Value பூச்சியம். யாருக்கு ஏற்றினார் என்பது கொஞ்சம் கீழே இருக்கிறது:

```
ERC-20 Tokens Transferred:
From 0x4D0c...a77E  To 0x7aB3...91F4  For 1,500 USDT
```

ரமேஷ் அண்ணாவின் சிநேகிதனுக்கு நடந்ததுபோல் இங்கேயும் நடந்திருந்தால், இந்த வரியின் To-விலும் Tether முகவரியே வந்திருக்கும்.

கட்டணம் எப்போதும் ஈதரில்தான். இந்த வேலைக்கு gas என்ற வேலை அளவில் 63,197 அலகு பிடித்திருக்கிறது, ஒரு அலகின் விலை 8 Gwei. பெருக்கினால் 505,576 Gwei. Gwei என்பது ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு, ஆகவே மாமா எழுதிய 0.000505576 சரியாக வருகிறது. ஈதர் 2,500 டொலர் என்றால் ஒன்றேகால் டொலர். அதில் ஒரு பகுதி எரிக்கப்படும், மீதி இந்த வரி உள்ள பக்கத்தைப் பேரேட்டில் சேர்த்தவருக்கு. Tether-க்கோ குகன் அண்ணாவுக்கோ ஒரு சதமும் இல்லை. அனுப்பியது Failed ஆகியிருந்தாலும் கட்டணம் போயிருக்கும்.

அந்த ஏழாயிரம், ஆட்கள் இல்லை மாமா. உங்கள் வரி ஒரு பக்கத்தில் எழுதப்பட்ட பிறகு அதற்கு மேல் எத்தனை பக்கம் சேர்ந்தது என்ற எண்ணிக்கை. 12 செக்கனுக்கு ஒரு பக்கம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 7,200. நீங்கள் ஞாயிறு பார்த்தீர்கள், ஆகவே ஏழாயிரம். நான் இப்போது பார்க்க 14 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அது முடிகிற எண்ணிக்கை இல்லை, ரமேஷ் அண்ணா. வழக்கமாக ஒரு கால் மணித்தியாலத்துக்குள் பக்கம் உறுதியாகிவிடும், அதன் பிறகு ஏறுவதில் நமக்கு ஒரு பயனும் இல்லை.

ஆகவே காசு சுதனின் கணக்கை விட்டுப் போய்விட்டது, ஐயமில்லை. Success என்றால் சுதன் சொன்னபடி எழுதியாயிற்று என்பது மட்டும்தான். சொன்னது சரியான ஆளுக்கா என்று அந்தப் பச்சைக்குத் தெரியாது. குகன் அண்ணா, உங்கள் முகவரியை முழுதாகப் பிரதி எடுத்து அனுப்புங்கள். படம் வேண்டாம், சுருக்கியும் வேண்டாம்.

எழுதியவர்: குகன் (ரொறன்ரோ)

தனியாக அனுப்பிவிட்டேன். என்னுடையதும் 0x7aB3-இல் தொடங்கி 91F4-இல்தான் முடிகிறது. ஆனால் என் கணக்கில் மார்ச்சில் வந்த 200 மட்டும் தொடாமல் இருக்கிறது. நான் எடுத்ததாக யாராவது நினைத்தால் நேரே சொல்லுங்கள். பொருளாளர் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை.

எழுதியவர்: வதனி (ஒஸ்லோ)

குகன் அண்ணா, உங்களிடம் வரவே இல்லை. தம்பி சுதன், கொஞ்சம் இருந்து வாசியும்.

0x-க்குப் பிறகு முகவரியில் 40 எழுத்து. அண்ணாவினதும் 1500 போன முகவரியும் முதல் நாலும் கடைசி நாலும் ஒன்று, நடுவில் இருப்பது முற்றாக வேறு. திரையில் சுருக்கிக் காட்டும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். இப்படி முனைகள் ஒத்துப்போகிற முகவரியைக் கணினியை ஓடவிட்டுத் தேடி எடுப்பார்கள்.

அண்ணாவின் 200 தொடாமல் இருக்கிறது என்று வாசித்ததும் எனக்குக் கட்டணம் உறைத்தது. ஏற்கனவே USDT இருப்பு உள்ள முகவரிக்கு அனுப்பினால் நாற்பதாயிரத்துச் சொச்சம் gas-தான் பிடிக்கும். வெறும் முகவரிக்கு முதல் வரவு எழுதும்போதுதான் அறுபதாயிரத்தைத் தாண்டும். சனிக்கிழமையுடையது 63,197. அது மட்டும் சாட்சியாகாது, இருப்பு முழுவதையும் எடுத்துவிட்டவருக்கும் அப்படித்தான் வரும். குகன் அண்ணாவிடமோ அந்த 200 இருப்பில் இருந்தது.

சுதன், மார்ச்சுக்குப் பிறகு உம்முடைய வரலாற்றில் அதே மாதிரி முகவரிக்கு 0 USDT போன வரி ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதைத் திறந்து இரண்டு From-ஐயும் பாரும். கீழே உள்ள வரியில் உம்முடைய முகவரி இருக்கும், மேலே உள்ள From வேறு ஆளாக இருக்கும். மேலே இருப்பவர்தான் கையெழுத்திட்டுக் கட்டணம் கட்டியவர். பூச்சியம் அனுப்ப அந்த நிரல் யாருடைய அனுமதியும் கேட்பதில்லை. பேரேட்டைக் காட்டும் எத்தர்ஸ்கான் தளம் 2023இலிருந்து இப்படிப்பட்ட வரிகளைத் தானாகவே மறைக்கிறது, ஆனால் கைப்பேசிச் செயலிகள் எல்லாம் அப்படி இல்லை.

எழுதியவர்: சுதன் (டுபாய்)

இருக்கிறது அக்கா. மார்ச்சில் அனுப்பி ஒரு மணித்தியாலம் கழிய. மேலே உள்ள From எனக்குத் தெரியாத முகவரி. சனிக்கிழமை அவசரத்தில் வரலாற்றில் மேலே இருந்ததைத்தான் பிரதி எடுத்தேன். முதல் நாலும் கடைசி நாலும் பார்த்தேன், சரியாக இருந்தது.

திருப்பி எடுக்க வழி இருக்கிறதா?

எழுதியவர்: வதனி (ஒஸ்லோ)

பேரேட்டில் எழுதியதை அழிக்க முடியாது. USDT-ஐ வெளியிடும் நிறுவனத்தால் ஒரு முகவரியை முடக்க முடியும், ஆனால் காசு USDT-ஆக அங்கே இருக்கும்வரைதான். அந்த முகவரியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமை வந்து 40 நிமிடத்தில் வேறு நாணயமாக மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் அங்கே பொலிஸில் முறைப்பாடு கொடும். Transaction Hash, இரண்டு முகவரி, நேரம் எல்லாவற்றையும் கொடும். நேரம் UTC, டுபாய் நேரத்துக்கு நாலு மணித்தியாலம் கூட்டிச் சொல்லும்.

வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2024 மே மாதத்தில் ஒருவர் இதே முறையில் பிட்கொயினுக்கு ஈடாக ஓடும் WBTC என்ற நாணயத்தில் 1,155 அனுப்பிவிட்டார், அன்றைய விலைக்கு ஆறரைக் கோடி டொலருக்கு மேல். அவருக்குக் கள்ளனே பேரம் பேசிப் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான். 1500க்கு யாரும் பேரம் பேச வரப்போவதில்லை.

எழுதியவர்: ரமேஷ் (பாரிஸ்)

நான் அப்போதே சொன்னேன் போய்விட்டது என்று. அடுத்த முறை முதலில் 5 அனுப்பிப் பார்க்க வேண்டும், வந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்ப வேண்டும்.

எழுதியவர்: வதனி (ஒஸ்லோ)

5 அனுப்பியதும் அதே மாதிரி இன்னொரு போலி வரி வந்து உட்காரும் அண்ணா. ஐந்துக்குப் பயன்படுத்திய முகவரியையே சேமித்து வைத்து அனுப்பினால் நீங்கள் சொல்வது சரி. வரலாற்றிலிருந்து எடுத்தால் மறுபடி இதே கதைதான்.

எழுதியவர்: சிவம் (லண்டன்)

பிள்ளை வதனிக்கு நன்றி. இப்போது விளங்குகிறது. என் கேள்வி வேறு. இதை நான் எப்படி எழுதுவது? சுதன் கொடுத்தார், சங்கத்துக்கு வரவில்லை. வரவில் போட்டால் இருப்பு பொய்யாகிறது. போடாவிட்டால் அப்பப்பா காணி கொடுத்த வீட்டார் கொடுக்கவே இல்லை என்றாகிறது. அடிக்குறிப்பாகப் போடலாம் என்று நினைக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

எழுதியவர்: சுதன் (டுபாய்)

அடிக்குறிப்பு வேண்டாம் மாமா. சம்பளம் வர 500 போடுகிறேன், வங்கி மூலம். மீதி தைக்கு.

எழுதியவர்: ராணி (சிட்னி)

இப்போதைக்கு மேற்குப் பக்கத்துக்கு மட்டும் தகரம் போடலாம், என் பங்கை இன்றே அனுப்புகிறேன். குகன், முழு இலக்கத்தையும் எழுது தம்பி, வங்கி இலக்கம்தான்.

எழுதியவர்: சிவம் (லண்டன்)

ராணியின் வரவு கிடைத்ததும் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன். தேர்க் கணக்கு பற்றி இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.