தேர்தல் வேலைக்கு விடுமுறை: கடிதத்தின் இரண்டாம் பக்கம்

எடைக்கூடத்துக் கிராணி

பகாவ் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், லாரிகளை எடை போடும் இடத்தில் நான் கிராணி. 2023 நெகிரி செம்பிலான் சட்டமன்றத் தேர்தலில் வாக்குச்சாவடிக் கிராணியாகத் தேர்தல் ஆணையத்திடம், அதாவது எஸ்.பி.ஆரிடம் மனு போட்டிருந்தேன், கிடைத்தது. ஆனால் அதற்கு ஆலையில் விடுமுறை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வாக்களிப்பு ஆகஸ்டு 12, சனிக்கிழமை. ஆலையில் சனி வேலை நாள்தான். வெளியிலிருந்து பார்த்தால் தேர்தல் ஒரு நாள் வேலை. எனக்கு மூன்று நாள். 3ஆம் தேதி வியாழன் பயிற்சி. 11ஆம் தேதி வெள்ளி சாமான்களை எடுத்துப் போய்ப் பள்ளிக்கூட வகுப்பறையைச் சாவடியாக மாற்றுவது. 12ஆம் தேதி இருட்டோடு கிளம்பி, வாக்களிப்பு முடிந்ததும் அதே அறையில் எண்ணி, எண்ணிக்கை முடிவுக்கான 14ஆம் பாரம் எழுதி முடித்து, வீட்டுக்கு வரும்போது தெருநாய் கூடத் தூங்கிவிட்டது.

எங்கள் ஆலையில் இப்போது காகிதப் பாரம் கிடையாது, எல்லாம் கைப்பேசிச் செயலி. விடுமுறை வகையைப் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். `Annual`, `Medical`, `Unpaid`, `Jury Duty`, `Others`. தேர்தல் என்று ஒன்றுமே இல்லை. அரசாங்கம் கூப்பிட்டுப் போகிற வேலைதானே என்று `Jury Duty`யைத் தட்டினேன். மறுநாள் கே.எல். தலைமையகத்திலிருந்து கேள்வி வந்தது: எந்தக் கோர்ட்?

சரி என்று `Others`க்கு மாற்றி, கடிதத்தைப் படம் பிடித்து ஏற்றினேன். காரணம் எழுதும் இடத்தில், கே.டி.எம். முன்னிலையில் ஆஜராக வேண்டும் என்று எழுதினேன். ரயில் நிலையத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். ரயில் கம்பெனிக்கும் கே.டி.எம். என்றுதான் பெயர், பகாவில் ரயில் நிலையமும் இருப்பதால் நக்கலா நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை. வாக்குச்சாவடித் தலைவரை, அதாவது கெத்துவா தெம்பாட் மெங்குண்டியை, நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கி அனுப்பினேன்.

மூன்றாவது முறை, தேதி இல்லை என்று திருப்பிவிட்டார்கள். உண்மைதான். எனக்கு வந்த கடிதத்தின் முதல் பக்கத்தில் என் பெயர், அடையாள அட்டை எண், பதவி, தொகுதி மட்டும்தான். பயிற்சி என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த மண்டபம், வெள்ளி எங்கே ஆஜராக வேண்டும் என்பதெல்லாம் இரண்டாம் பக்கத்து இணைப்பில். முத்திரை முதல் பக்கத்தில் இருந்ததால் அதுதான் கடிதம் என்று நினைத்து, அதை மட்டும் ஏற்றியிருக்கிறேன்.

இந்தப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தபோதே 3ஆம் தேதி வந்துவிட்டது. பயிற்சிக்குப் போய்விட்டேன். செயலியில் மனு இன்னும் நிலுவை. மாதக் கணக்கில் அன்று வேலைக்கு வரவில்லை என்று விழுந்து, ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள். 11, 12 மட்டும் இரண்டு பக்கமும் ஒரே பிடிஎஃப் ஆகப் போனதால் சம்பளத்தோடு கிடைத்தது. இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பெரட்டுக்களம் மாரி

தம்பி, வாக்களிப்பு நாளில் முதலாளி சம்பளத்தோடு விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1954 தேர்தல் குற்றச் சட்டம், 25ஆம் பிரிவு. கடிதமே வேண்டாம், பிரிவு எண்ணை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் வாயை மூடியிருப்பார்கள். பொதுத்தேர்தலுக்கு 2022 நவம்பர் 18, 19 இரண்டு நாளும் லீவு கொடுத்தார்களே, மறந்துவிட்டதா?

டீச்சர் அக்கா

மாரி அண்ணே, 25ஆம் பிரிவு இருப்பது உண்மை. ஆனால் அது ஓட்டுப் போடப் போகிறவருக்கு நியாயமான நேரம் கொடுப்பதற்கு. போய் ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம், அதற்குச் சம்பளம் வெட்டக்கூடாது. சாவடியில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு அது பொருந்தாது. 2022 நவம்பரில் கிடைத்தது அரசாங்கம் தனியாக அறிவித்த பொது விடுமுறை. அதை நம்பி அடுத்த தேர்தலுக்கு உட்கார முடியாது. அப்போதும் பயிற்சி நாளுக்கு யாரும் லீவு அறிவிக்கவில்லை.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, மூன்று தேர்தலில் சாவடித் தலைவராக இருந்திருக்கிறேன். எங்களுக்கு அரசாங்க வழியில் போவதால் பெரிய சிக்கல் இல்லை. என் கீழே வேலை பார்த்த தனியார் துறைப் பிள்ளைகள்தான் தவித்தார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான். நியமனக் கடிதம் கைக்கு வந்த அன்றே மனுவைப் போட்டுவிடுங்கள். மூன்று நாளையும் ஒரே மனுவில் சேர்க்காதீர்கள். பயிற்சிக்கு ஒன்று, வாக்களிப்புக்கு முந்தின நாளும் வாக்களிப்பு நாளும் சேர்த்து ஒன்று. ஒன்று மாட்டினாலும் மற்றது நகரும்.

கடிதத்தில் எத்தனை பக்கம் இருக்கிறதோ அத்தனையையும், வெற்றுப் பக்கம் போலத் தெரிந்தாலும், ஒரே கோப்பாக ஏற்றுங்கள். கோப்புக்குப் பெயர் வையுங்கள். `IMG_20230728.jpg` என்று போனால் திறந்து பார்க்கவே மாட்டார்கள். `Surat_Lantikan_SPR_11-12Ogos.pdf` என்றால் திறக்காமலேயே விஷயம் புரியும். மலாய்க் கடிதத்தை மொழிபெயர்க்கத் தேவையில்லை. தேதி இருக்கிற வரியை மட்டும் காரணக் கட்டத்தில் அப்படியே தட்டச்சு செய்யுங்கள்.

அப்புறம், பயிற்சி மண்டபத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் வருகைச் சான்று கேட்டு வாங்குங்கள். வாக்களிப்பு முடிந்த இரவும் அதேதான். ஒருமுறை ஒரு பிள்ளை பத்து நாள் கழித்து என் பள்ளிக்கே கையெழுத்துக்கு வந்தான். நான் போட்டுக் கொடுத்தேன், ஆனால் அவன் முதலாளி முத்திரை எங்கே என்று கேட்டாராம்.

உங்கள் சொந்த ஓட்டை மறக்காதீர்கள். வேலையில் இருப்பவர்களுக்கு அஞ்சல் ஓட்டு, 1ஏ பாரம்.

ஓய்வுபெற்ற கண்டக்டர்

`Jury Duty` என்று படித்ததும் சிரித்துவிட்டேன். இந்த நாட்டில் ஜூரியை 1995இல் எடுத்துவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மரண தண்டனை வழக்குக்கு ஏழு பேர் உட்காருவார்கள். எங்கள் தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒருவருக்குச் சம்மன் வந்தது. துரை அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் விட்டார். மோனா ஃபெண்டி கொலை வழக்கில் டெமர்லோ உயர் நீதிமன்றத்தில் ஏழு பேர் ஜூரி தீர்ப்புச் சொன்னது 1995 பிப்ரவரியில். அந்த மாதிரிக் கடைசி வழக்குகளில் அதுவும் ஒன்று. உங்கள் செயலியை வெளிநாட்டில் யாரோ செய்து, இங்கே அப்படியே விற்றிருக்கிறார்கள் தம்பி. அந்த வரியை எடுத்துவிட்டுத் தேர்தல் என்று போடச் சொல்லிக் கேட்டீர்களா?

எடைக்கூடத்துக் கிராணி

கேட்டேன் ஐயா. செயலிக்காரரிடம் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் ஜூரி இருக்கிறது.

லோரி முத்து

எனக்கும் கோர்ட் கடிதம் வந்திருக்கிறது. போன வருஷம் நான் பார்த்த ஒரு விபத்துக்குச் சாட்சி. அப்போ நான் ஜூரியா?

டீச்சர் அக்கா

இல்லை தம்பி, அது சாட்சிச் சம்மன், சபீனா என்பார்கள். ஜூரி தீர்ப்புச் சொல்கிறவர், நீங்கள் பார்த்ததைச் சொல்கிறவர். போகாமல் இருக்க முடியாது, கோர்ட் உத்தரவு அது. அதன் நகலையே மனுவோடு வையுங்கள். வழக்கு ஒத்திவைத்தால் இரண்டாவது தேதிக்குப் பழைய சம்மன் செல்லாது என்று ஆபீஸில் சொல்வார்கள். அன்றைக்கே கோர்ட் கிராணியிடம் புதுத் தேதி எழுதிய தாளும், வந்து போனதற்கு ஒரு வருகைச் சான்றும் கேளுங்கள்.

காட்டு வேலை கமலா

எங்களுக்குச் செயலி எல்லாம் இல்லை. காலை ஐந்தரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோரிடம் சொன்னேன், தேர்தலுக்குச் சமையல் வேலைக்குப் போறேன்னு. சரின்னு தலையாட்டினார். சம்பள நாளில் பார்த்தால் செக்ரோலில் இரண்டு நாள் வரவில்லைன்னு கோடு. மண்டோர், நீ சொல்லவே இல்லையேம்மா என்கிறார். கட்சிக்காரர் கொடுத்த கடிதம் கையில் இருந்தது. அதைக் காட்டியும் ஆபீஸில் எடுத்துக்கொள்ளவில்லை. ஏன்?

டீச்சர் அக்கா

கமலா, அந்தக் கடிதத்தின் தலைப்பில் என்ன சின்னம் இருக்கிறது என்று பாருங்கள். வேட்பாளர் நியமிக்கிற ஏஜெண்டுக்கும், பந்தலில் சமைக்கிறவருக்கும் கொடுப்பது கட்சிக் கடிதம். அது எஸ்.பி.ஆர் நியமனம் ஆகாது. ஏஜெண்டாகச் சாவடிக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் ஆகாது. அதற்கு வருட விடுமுறையில்தான் எடுக்க வேண்டும். ஆனால் மண்டோரிடம் வாயால் சொன்னதுதான் முதல் தவறு. ஒரு துண்டுத் தாளில் எழுதி, அவர் கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டு வேலை கமலா

மண்டோர் கையெழுத்துப் போடுவாரா டீச்சர்? அவருக்கு எழுதவே பிடிக்காது.

சங்கத்து ராஜா

கையெழுத்துப் போடாவிட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள் அக்கா, நேரமும் தேதியும் அதில் நிற்கும். நான் தோட்ட ஊழியர்களின் குறைகளைப் பார்க்கிறவன். கிராணித் தம்பிக்குச் சொல்கிறேன். 1955 தொழிலாளர் சட்டத்தில் பொது விடுமுறை, வருட விடுமுறை, நோய் விடுப்பு, பிரசவ விடுப்பு, இப்போது அப்பாவுக்கு 7 நாள் எல்லாம் இருக்கிறது. தேர்தல் வேலைக்கென்று ஒரு வரி கிடையாது. அதனால் சம்பளத்தோடு கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் நிறுவன விதியிலும் கூட்டு ஒப்பந்தத்திலும்தான் இருக்கும்.

சட்டம் உங்களுக்கு உதவுவது வேறு இடத்தில். 15ஆம் பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால் ஒப்பந்தத்தை முறித்ததாக எடுத்துக்கொள்வார்கள். நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளிக்குத் தெரிவித்தோ தெரிவிக்க முயன்றோ இருந்தால் அப்படி எடுக்க முடியாது. அந்த முயற்சிக்குச் சாட்சிதான் உங்கள் நிலுவை மனு. மனு அனுப்பிய திரையைப் படம் பிடித்து வைத்திருந்தீர்களா?

எடைக்கூடத்துக் கிராணி

வைத்திருந்தேன் அண்ணே. பயிற்சியில் வாங்கிய வருகைச் சான்றையும் சேர்த்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து, வரவில்லை என்ற பதிவை வருட விடுமுறையாக மாற்றி, சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆறு வருஷம் முடிந்ததால் எனக்கு 16 நாள் இருந்தது, இப்போது 15. எஸ்.பி.ஆர் கொடுக்கும் படிப்பணமும் கிடைக்கிறதே, பிறகு எதற்கு சம்பளம் என்று மேலாளர் கேட்டார். எனக்கு அதற்குச் சரியான பதில் இல்லை.

பெரட்டுக்களம் மாரி

பதில் இருக்கிறது. படி வேறு, சம்பளம் வேறு!

சங்கத்து ராஜா

மாரி அண்ணே, அதை ஒப்பந்தத்தில் எந்த வரியில் காட்டுவீர்கள்? நான் மூன்று ஆலையின் ஒப்பந்தங்களைப் பார்த்துவிட்டேன். ஒன்றில் மட்டும் அரசாங்கப் பணி என்று ஒரு சொல் இருக்கிறது. அதுவும் ஆசிய விளையாட்டுக்குப் போகிறவருக்காக எழுதினது போல இருக்கிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் தேர்தல் என்ற சொல்லைப் போட வைக்கப் பார்க்கிறோம். தம்பி, உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், மாதிரிக்கு வேண்டும். அடையாள அட்டை எண்ணை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

எடைக்கூடத்துக் கிராணி

அனுப்புகிறேன். எண்ணை மறைக்கச் சொன்னது நல்லது அண்ணே. முதல் பக்கத்தை ஆலை வாட்ஸ்அப் குழுவில் எண்ணோடு போட்டுவிட்டேன், நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள்.